நனைந்த எம் சாண்டை எப்படி அளப்பது, எவ்வளவு சொல்வது?

"சார், பெங்களூரு ராமமூர்த்தி நகரில் 30-க்கு 40 சைட்டில் வீடு கட்டுகிறோம். கிரவுண்ட் ஃப்ளோர் ரூஃப் 600 சதுர அடி, 5 அங்குல கனம், சுவர் மேல் உட்காருகிற ரூஃப், பீம் இல்லை. எம்20, அதாவது 1:1.5:3. இஞ்சினியர் 57 மூட்டை சிமென்ட், 105 கன அடி எம் சாண்ட், 210 கன அடி ஜல்லி என்று எழுதித் தந்தார். மணல் 115, ஜல்லி 220 இறக்கினோம். முந்தின நாள் சாயங்காலம் நல்ல மழை. பெட்டி வைத்துத்தான் அளந்து போட்டார்கள். அப்படியும் ஒரு மூலை மூடாமல் நின்றுவிட்டது. பக்கத்து சைட்டில் நாலு மூட்டை சிமென்டும் கொஞ்சம் ஜல்லியும் கடன் வாங்கி முடித்தோம். சென்ட்ரிங் பிரித்தால் ஒரு ஓரத்தில் ஜல்லி பல்லிளிக்கிறது. மேஸ்திரி, 'மணல் நனைஞ்சிருந்துச்சு, அதான். மணல் கம்மின்னா ஸ்ட்ராங்குதானே' என்கிறார். அடுத்த ரூஃப் செப்டம்பரில். எவ்வளவு மணல் சொல்ல வேண்டும்?"
— ஒரு வாசகர், பெங்களூரு

உங்கள் மேஸ்திரி சொன்னதில் முதல் பாதி சரி, இரண்டாம் பாதி தவறு.

மணல் நனைந்தால் உப்பும். சைட்டில் இதைப் பல்க்கிங் என்பார்கள். காய்ந்த மணலில் ஒரு மணி இன்னொன்றின் மேல் வழுக்கி, இடுக்கில் இறங்கி நெருக்கமாக உட்கார்ந்துவிடும். கொஞ்சம் ஈரம் ஏறியதும் ஒவ்வொரு மணியைச் சுற்றியும் மெல்லிய நீர்ப்படலம் ஒட்டிக்கொள்கிறது. அந்தப் படலத்தின் இழுவிசையால் மணிகள் வழுக்காமல், இடைவெளி விட்டபடியே நின்றுவிடுகின்றன. எடையில் 5 சதவீதத்தை ஒட்டி ஈரம் இருக்கும்போது மணல் ஏறக்குறைய முழு உப்பலில் இருக்கும். சாதாரண மணல் 20 முதல் 30 சதவீதம் வரை உப்பும். மணி எவ்வளவு பொடியோ அவ்வளவு அதிகம். நைசான மணலில் 40 சதவீதத்தையும் தொடும். எம் சாண்டில் பொடி கூடுதலாக இருப்பதால் அது நன்றாகவே உப்பும். ஜல்லிக்கு இந்தத் தொல்லை கிடையாது, அதை எப்போதும் போல அளக்கலாம்.

உங்கள் மணல் அன்றைக்கு 28 சதவீதம் உப்பியிருந்தது என்று வைத்துக்கொள்வோம். மழைக்கு மறுநாள் குவியலில் அது சகஜமான அளவுதான். ஒரு மூட்டை சிமென்ட் என்பது 50 கிலோ, அளவில் 35 லிட்டர். 1:1.5:3 கலவையில் அதற்கு 52.5 லிட்டர் மணலும் 105 லிட்டர் ஜல்லியும் சேர வேண்டும். பெட்டியில் 52.5 லிட்டர் அளந்து போட்டிருப்பார்கள். ஆனால் 28 சதவீதம் உப்பிய மணலில் அதற்குள் இருக்கும் நிஜ மணல் 41 லிட்டர்தான். பதினொன்றரை லிட்டர் காற்றை அளந்திருக்கிறீர்கள். காகிதத்தில் 1:1.5:3 என்று இருந்த கலவை மிக்சருக்குள் 1:1.17:3 ஆகிவிட்டது.

இப்போது மூட்டைக் கணக்கைப் பாருங்கள். சரியான விகிதத்தில், இடுக்குகள் அடைபட்டபின், ஒரு மூட்டைக்குச் சுமார் 124 லிட்டர் கான்கிரீட் கிடைக்கும். உங்கள் ரூஃப் 250 கன அடி, அதாவது 7,080 லிட்டர். 57 மூட்டை சரியாகப் போதும், இஞ்சினியர் கணக்கில் பிழை இல்லை. மணல் பதினொன்றரை லிட்டர் குறைந்தால், மணிகளுக்கு நடுவே இருக்கும் வெற்றிடத்தைக் கழித்தபின், கான்கிரீட் ஏறத்தாழ 7 லிட்டர் குறையும். மூட்டைக்கு 117 லிட்டர்தான் தேறும். 7,080-ஐ 117-ஆல் வகுத்தால் அறுபதரை வருகிறது. நாலு மூட்டை கடன் வாங்கியதாக எழுதியிருக்கிறீர்களே, அது இங்கே பொருந்துகிறது. மூட்டை கூடினால் ஜல்லியும் கூடத்தானே வேண்டும், அதனால் அதற்கும் கை ஏந்த வேண்டியதாயிற்று.

மணல் குறைந்தால் ஸ்ட்ராங் என்று மேஸ்திரி சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கான்கிரீட் கன அளவுக்குச் சிமென்ட் கொஞ்சம் கூடிவிடுகிறது என்பது உண்மை. ஆனால் ஜல்லிக்கு நடுவே உள்ள பொந்துகளை அடைப்பது மணல் கலந்த சாந்துதான். அது பற்றாவிட்டால் கலவை முரடாக இருக்கும், மட்டக்கட்டைக்கு அடங்காது, கம்பிக்குக் கீழேயும் ஓரங்களிலும் இறங்காது. அப்போது ஆட்கள் செய்வது ஒன்றே ஒன்று: இன்னும் ஒரு மக் தண்ணீர் ஊற்றுவது. எம்20 நாமினல் கலவைக்கு, கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 456 அனுமதிக்கும் அதிகபட்சத் தண்ணீர் மூட்டைக்கு 30 லிட்டர். இதில் மணல் ஏற்கெனவே தூக்கி வந்த தண்ணீரும் சேர்த்தி. ஈர மணல் நாலு லிட்டருக்கு மேல் கொண்டுவந்திருக்க, வெளியிலிருந்தும் முழு 30 ஊற்றினால் 34 ஆகிறது. தண்ணீர் சிமென்ட் விகிதம் 0.60-லிருந்து 0.68-க்குப் போய்விடும். கூடுதல் சிமென்ட் தந்த பலத்தை இந்தத் தண்ணீர் பறித்துக்கொள்ளும். அதோடு ஓரத்தில் ஜல்லி பல்லிளிப்பதும் மிச்சம்.

சரி, செப்டம்பருக்கு வருவோம். நனைந்த மணலுக்கு 25 சதவீதம் கூட்டிக்கொள் என்று பல இடத்தில் சொல்லக் கேட்டிருப்பீர்கள். கண்ணை மூடிக்கொண்டு கூட்ட வேண்டாம். ஐந்து நிமிட வேலைதான், சைட்டிலேயே அளந்துவிடலாம். ஐ.எஸ். 2386 மூன்றாம் பாகத்தில் இருக்கும் முறை இது.

பக்கம் நேராக இருக்கும் டின் ஒன்று வேண்டும். பெயின்ட் பக்கெட் ஆகாது. அது கீழே குறுகி மேலே அகலும், உயரத்தை வைத்துக் கணக்குப் போட்டால் தப்பாக வரும். 30 செ.மீ. உயரமுள்ள டின் என்றால் வசதி. குவியலின் உச்சி, நடு, அடி மூன்றிலிருந்தும் மண்வெட்டியால் எடுத்துக் கலந்துகொள்ளுங்கள். மேல் தோல் காய்ந்து வெளுத்திருக்கும், அரை அடி தோண்டினால் உள்ளே கறுப்பாக ஈரம் நிற்கும். தோலை மட்டும் அள்ளினால் சோதனையே வீண். கலந்த மணலை டின்னில் மூன்றில் இரண்டு பங்கு வரை, அழுத்தாமல், பெட்டியில் எப்படிக் கொட்டுவார்களோ அப்படிக் கொட்டுங்கள். மேலே சமப்படுத்தி, ஸ்டீல் ஸ்கேலை அடிவரை செருகி உயரம் பாருங்கள். 20.5 செ.மீ. வந்தது என்று வைப்போம்.

அந்த மணலைச் சிந்தாமல் ஒரு தட்டில் கொட்டிவிட்டு, டின்னில் பாதிக்குத் தண்ணீர் ஊற்றுங்கள். மணலில் பாதியை அதில் போட்டு, 6 மி.மீ. கம்பியால் அடிவரை குத்திக் குத்திக் கிளறுங்கள். காற்றுக் குமிழிகள் மேலே வரும். மீதியையும் போட்டு மறுபடி குத்துங்கள். தண்ணீர் மணலுக்கு மேலே நிற்க வேண்டும், போதாவிட்டால் ஊற்றிக்கொள்ளலாம். முழுதாக மூழ்கிய மணலில் படலமும் இல்லை, இழுவிசையும் இல்லை. மணிகள் காய்ந்த மணல் அளவுக்கே அடங்கிவிடும். மேலே சமப்படுத்தி மறுபடி ஸ்கேல் வையுங்கள். 16 செ.மீ. இருந்தால், 20.5-ஐ 16-ஆல் வகுக்க 1.28. உப்பல் 28 சதவீதம். எம் சாண்டில் தண்ணீர் பால் போலக் கலங்கும். சற்று நேரம் தெளியவிட்டுப் பாருங்கள். மேலே மெல்லிய மாவுப் படிவு இருந்தால் பரவாயில்லை. சேறு மாதிரித் தடிமனாகப் படிந்தால் அது பல்க்கிங் பிரச்சினை அல்ல. அந்த லோடையே திருப்பி அனுப்புவதைப் பற்றி யோசியுங்கள்.

இந்த 1.28 கைக்கு வந்துவிட்டால் திருத்தம் சுலபம். 52.5 லிட்டரை 1.28-ஆல் பெருக்கினால் 67 லிட்டர். மூட்டைக்கு இவ்வளவு ஈர மணல் போட வேண்டும். "ஒன்றரைப் பெட்டிக்குப் பதில் ஒன்றேமுக்காலே அரைக்கால்" என்று ஆட்களிடம் சொன்னால் காதில் வாங்க மாட்டார்கள். அதற்கு மணலுக்கென்றே தனிப் பெட்டி செய்துவிடுவது நல்லது. உட்புறம் 40 செ.மீ. நீளம், 35 செ.மீ. அகலம், உயரம் 26 செ.மீ. இருக்கட்டும். மூட்டைக்கு இரண்டு பெட்டி என்று எப்போதும் ஒரே எண்ணிக்கை. காய்ந்த மணலுக்கு உள்ளே 18.75 செ.மீ. உயரத்தில் ஒரு கோடு. 20 சதவீத உப்பலுக்கு 22.5-ல் ஒரு கோடு. 28-க்கு 24-ல். அன்றைக்குச் சோதனையில் என்ன வந்ததோ, அந்தக் கோட்டின் மேல் நாலு பக்கமும் பெயின்ட் அடித்துவிட்டால் போதும், எண்ணிக்கை மாறாது, கோடுதான் மாறும். ஆட்களுக்குக் குழப்பம் இல்லை. ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். பாதி நாள் போனபின் பெட்டியை ஓரமாகத் தள்ளிவிட்டு பாண்ட்லிச் சட்டிக் கணக்குக்கு மாறிவிடுவார்கள். பாண்ட்லியில் ஈர மணல் கோபுரமாக நிற்கும், காய்ந்த மணல் சரிந்து கொட்டும். ஆளுக்கு ஆள் அளவு வேறு. மிக்சர் பக்கத்தில் உங்கள் வீட்டு ஆள் ஒருவர் நிற்கட்டும்.

தண்ணீரைக் குறைப்பதையும் அப்போதே முடிவு செய்துவிடுங்கள். ஒரு கிலோ ஈர மணலை எடை போட்டு, வாணலியில் சிறு தீயில் கிளறிக் காய வையுங்கள். கரண்டியிலிருந்து மணல் ஒட்டாமல் உதிரத் தொடங்கி நிறம் வெளுத்ததும் இறக்கி, ஆறியபின் மறுபடி எடை போடுங்கள். 950 கிராம் இருந்தால், போன 50 கிராமை 950-ஆல் வகுக்கச் சுமார் 5 சதவீத ஈரம். 52.5 லிட்டர் காய்ந்த மணல் 84 கிலோ என்றால், அதோடு வரும் தண்ணீர் நாலு லிட்டருக்குச் சற்று மேல். வாணலிக்கு நேரமில்லை என்றால் ஐ.எஸ். 456-ல் ஓர் உத்தேச அட்டவணை உண்டு: மிதமாக நனைந்த மணல் ஒரு கன மீட்டருக்கு 80 லிட்டர், நன்றாக நனைந்தது 120 லிட்டர் தண்ணீர் தூக்கி வரும் என்று வைத்துக்கொள்ளலாம். 80 என்று போட்டாலும் நமக்கு அதே 4.2 லிட்டர்தான் வருகிறது. ஈர ஜல்லியும் கன மீட்டருக்கு 20 முதல் 40 லிட்டர் கொண்டுவரும், அதில் மூட்டைக்கு இரண்டு முதல் நாலு லிட்டர் போகும், நடுவாக மூன்று என்று வைத்துக்கொள்வோம். ஆக 30-ல் ஏழு கழித்து, மிக்சரில் 23 லிட்டரோடு நிறுத்துங்கள். அளவு போட்ட பக்கெட்டில் ஊற்றச் சொல்லுங்கள். ஹோஸ் பைப்பை மிக்சர் வாய்க்குள் விட வேண்டாம். மணலைக் கூட்டுவதும் தண்ணீரைக் குறைப்பதும் இரட்டை வேலை. மணலை மட்டும் கூட்டிவிட்டுத் தண்ணீரை மறந்தால், அந்தக் கூடுதல் மணலோடு வந்த ஈரமும் கலவையில் ஏறிக்கொள்ளும்.

இனி நீங்கள் கேட்ட ஆர்டர் விஷயம். கன அடியில் வாங்குவதாக இருந்தால், 105-ஐ 1.28-ஆல் பெருக்கி 134, சிதறல் சேதாரத்துக்கு ஐந்து சதவீதம் சேர்த்து 141 கன அடி. ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு. டிப்பர் ஏறும் இடத்தில் என்ன ஈரமோ, இறங்கும் இடத்தில் என்ன ஈரமோ, வழியில் குலுங்கி எவ்வளவு அடங்கியதோ யாருக்கும் தெரியாது. பாடியின் நீள அகலத்தை டேப் போட்டு அளந்தாலும், மேலே கோபுரமாக நிற்பதைச் சமப்படுத்தாமல் உயரம் சொல்லிவிடுவார்கள். அதனால்தான் டன் கணக்கில் வாங்குங்கள் என்பேன். பெங்களூரில் எம் சாண்டை வே பிரிட்ஜ் சீட்டோடு டன்னாகவே கேட்டு வாங்கலாம். எடையில் உப்பல் ஏமாற்ற முடியாது. 28 சதவீதம் உப்பிய மணலிலும் எடையில் கூடுவது தண்ணீரின் அந்த 5 சதவீதம்தான்.

டன்னுக்கு மாற்ற, உங்கள் மணல் காய்ந்த நிலையில் லிட்டருக்கு எத்தனை கிலோ என்று தெரிய வேண்டும். கொஞ்சம் மணலை வெயிலில் தாளில் பரப்பி நன்றாகக் காயவிட்டு, 5 லிட்டர் டின்னில் தளர்வாக நிரப்பி எடை போடுங்கள். 8 கிலோ வந்தால் லிட்டருக்கு 1.6. எம் சாண்டில் இன்னும் கொஞ்சம் கூடுதலாகவும் வரலாம். 1.6 என்றே கொண்டால் மூட்டைக்கு 84 கிலோ, 57 மூட்டைக்கு 4,788 கிலோ. ஈரத்துக்கு 5 சதவீதம், சேதாரத்துக்கு 5 சதவீதம் சேர்த்தால் 5.3 டன் சொல்லுங்கள். கழுவிய உடனே ஏற்றிய மணல் என்றால் பின்கதவு இடுக்கிலிருந்து தண்ணீர் சொட்டும். அப்படி வந்தால் 10 சதவீதமோ அதற்கு மேலோ தண்ணீருக்குக் காசு கொடுக்கிறீர்கள். இறக்குமுன் வாணலிச் சோதனை செய்து, சீட்டில் அந்த எடையைக் கழிக்கச் சொல்லிக் கேட்பது நியாயம்தான். கேட்டால் முகம் சுளிப்பார்கள், அடுத்த லோடு ஒரு நாள் வடியவிட்டு அனுப்புவார்கள்.

இரண்டு லோடாகப் பிரித்து வாங்க முடிந்தால் இன்னும் நல்லது. முதல் லோடில் சோதனை செய்துவிட்டு இரண்டாவதன் அளவைத் திருத்திச் சொல்லலாம்.

இந்த விஷயத்தில் அனுபவசாலிகளே சறுக்குகிற ஓர் இடம் இருக்கிறது. ஈரம் கூடக் கூட உப்பல் கூடிக்கொண்டே போகாது. ஏழெட்டு சதவீத ஈரத்துக்கு மேல் உப்பல் இறங்கத் தொடங்கும், மணல் முழுதாக ஊறிவிட்டால் காய்ந்த மணலுக்குச் சமம் ஆகிவிடும். செப்டம்பரில் பெங்களூரில் சாயங்காலம் ஒரு பெருமழை பெய்து, தார்ப்பாய் போடாத குவியலின் அடிப்பாகம் தண்ணீரில் ஊறி நிற்கிறது என்று வையுங்கள். காலையில் அந்த மணலுக்கும் 28 சதவீதம் கூட்டினால் மணல் மிதமிஞ்சிப் போகும். கலவை மட்டக்கட்டைக்கு வெண்ணெய் போல இழுபடும், மேஸ்திரி சந்தோஷப்படுவார், பலம் குறையும். எதிர்ப்பக்கமும் உண்டு: மதியம் வெயிலில் மேல் மணல் காய்ந்துவிட்டால் காலையில் போட்ட திருத்தம் கூடுதலாகிவிடும். ஆகவே காலையில் ஒரு தடவை, சாப்பாட்டுக்குப் பின் ஒரு தடவை, நடுவில் மழை தூறினால் அப்போது ஒரு தடவை என்று டின் சோதனையைச் செய்து, பெட்டியில் கோட்டை மாற்றிக்கொள்ளுங்கள். முந்தின நாளே குவியலை ஒரு சுற்றுப் புரட்டித் தார்ப்பாய் மூடி வைத்தால் ஈரம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்கும், நாள் முழுக்க அதிகம் மாறாது. 30-க்கு 40 சைட்டில் மணல் பெரும்பாலும் ரோட்டோரம்தான் கொட்டப்படும். சாக்கடைப் பக்கம் சரியாமல் சற்று மேடான இடம் பாருங்கள், அடியில் இருக்கும் அரை அடி மணலைக் கடைசிக்கு விடுங்கள்.

கட்டு வேலையிலும் பூச்சிலும் இதே கணக்குதான், ஆபத்து மட்டும் குறைவு. 28 சதவீதம் உப்பிய மணலில் 1:6 சாந்து உண்மையில் 1:4.7 ஆகும். சுவர் விழாது, சிமென்ட் வீணாகும். பூச்சில் சிமென்ட் அதிகமானால் காய்ந்தபின் மயிரிழை விரிசல் வரும். மழைக்காலத்தில் பூசிய சுவரில் மட்டும் ஏன் விரிசல் என்று சிலர் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பல்லிளிக்கிற ஓரத்தைச் சிமென்ட் பால் பூசி மூடிவிட மேஸ்திரி அவசரப்படுவார், விடாதீர்கள். முதலில் இஞ்சினியர் சுத்தியலால் தட்டிப் பார்க்கட்டும். மேலோட்டமாக இருந்தால், உதிரும் ஜல்லியை எல்லாம் கொத்தி எடுத்து, கழுவி, பாலிமர் கலந்த ரிப்பேர் சாந்தால் அடைத்துக்கொள்ளலாம். கம்பி கண்ணுக்குத் தெரிகிறது, அல்லது தட்டினால் உள்ளே பொள்ளலாகச் சத்தம் வருகிறது என்றால், ஸ்ட்ரக்சுரல் இஞ்சினியர் வந்து பார்க்கும்வரை அந்த ரூஃப் மேல் செங்கல்லும் ஜல்லியும் ஏற்ற வேண்டாம், அடியில் முட்டுகளைத் திரும்பக் கொடுத்து வையுங்கள்.